சர்வர் படுத்துவிட்டால் எந்த வரிசையில் எழுப்புவது? மீட்புக் குறிப்பேடு தயாரிக்கும் முறை

பேக்கப் எடுத்து வையுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எடுத்து வைத்ததைத் திரும்பக் கொண்டு வருவது எப்படி என்று எழுதுபவர்கள் குறைவு. ஒரு பென் டிரைவில் நான்கு போல்டர்களைக் காப்பி செய்து வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. திரும்பக் காப்பி செய்தால் முடிந்தது. ஆனால் ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வர் நின்று போனால், பேக்கப் இருந்தும் இரண்டு மூன்று நாட்கள் கடை நின்று போவது உண்டு. காரணம், எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, செய்தது சரிதானா என்று எப்படிப் பார்ப்பது என எங்கும் எழுதி வைக்கப்படாததுதான். அப்படி எழுதி வைக்கப்படும் படிகளைத்தான் கம்ப்யூட்டர் துறையினர் ரன்புக் என்கின்றனர். நாம் மீட்புக் குறிப்பேடு என்று வைத்துக் கொள்வோம்.

சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். நீங்கள் வீட்டில் வைத்திருப்பது போன்ற கம்ப்யூட்டர்தான் அதுவும். மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதனை நம்பி வேலை செய்கின்றன என்பதே வித்தியாசம். பில் போடும் கவுண்டரில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கணக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது சர்வரைக் கேட்கும். சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் பில் இல்லை.

மதுரையில் மின்சாதனப் பொருட்களை மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருடைய கடைக்காக நான் எழுதிக் கொடுத்த குறிப்பேட்டையே இங்கு எடுத்துக் கொள்கிறேன். கடையில் ஒன்பது கம்ப்யூட்டர்கள். மாடி அறையில் ஒரு சர்வர். அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் சிஸ்டம். அது செய்யும் வேலைகள் இரண்டுதான். ஒன்று, கணக்குப் பைல்கள், ஸ்கேன் செய்த கொள்முதல் பில்கள் ஆகியவற்றை வைத்துக் கொண்டு எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் காட்டுவது. இதற்கு சம்பா என்ற புரோகிராம் உள்ளது. இரண்டு, பில் போடும் சாப்ட்வேரின் டேட்டாபேஸை வைத்திருப்பது. இதற்கு மரியாடிபி. தினமும் இரவு 9 மணிக்கு டேட்டாபேஸ் முழுவதும் ஒரு பைலாக எழுதப்படும். பின்னர் அதுவும் மற்ற பைல்களும் சிஸ்டத்தின் செட்டிங்குகளும் ரெஸ்டிக் என்ற புரோகிராம் மூலம் யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கில் சேரும். டிஸ்க்குகள் இரண்டு. ஒன்று கடையில் இருக்கும்போது மற்றது முதலாளியின் வீட்டில் இருக்கும். சனிக்கிழமை தோறும் மாற்றிக் கொள்வார்கள்.

பேக்கப் நன்றாகவே இருந்தது. சர்வரைப் பொருத்திக் கொடுத்தவர் ஒரு பக்கக் குறிப்பும் கொடுத்துச் சென்றிருந்தார். அதில் ஐந்து வரிகள். நான்காவது வரி: "யூசர்களைப் பழையபடி செட் செய்யவும்." பில் போடும் தம்பி அதனைப் படித்துவிட்டு என்னைக் கேட்டார்: "பழையபடின்னா எப்படிண்ணே? நான் பழசையே பார்த்ததில்லையே."

குறிப்பேடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

எழுதும் முன் இரண்டு கேள்விகள்

முதலாளியிடம் நான் முதலில் கேட்டது கம்ப்யூட்டர் பற்றியே இல்லை. எத்தனை மணி நேர வேலை காணாமல் போனால் தாங்குவீர்கள், எத்தனை மணி நேரம் சர்வர் இல்லாமல் கடை ஓடும், இவை இரண்டும்தான். பேக்கப் இரவு 9 மணிக்கு என்பதால், மாலை 6 மணிக்கு சர்வர் போனால் அன்றைய பில்கள் போய்விடும். ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் அச்சடித்த நகல் கடையில் இருக்கிறது. உட்கார்ந்து திரும்ப டைப் செய்யலாம். எனவே ஒரு நாள் இழப்பு தாங்கும். இரண்டாவதற்கு, ஒரு நாள் வரை கை பில் புத்தகத்தில் ஓட்டலாம் என்றார். கணக்கு பார்க்கும் அக்கா குறுக்கிட்டு, "20ஆம் தேதிக்கு முந்தின நாள் போச்சுன்னா அதுவும் முடியாது" என்றார். ஜி.எஸ்.டி. மாதாந்திர ரிட்டர்ன் தாக்கல் அந்தத் தேதியில். ஆகவே வேலை நேரத்தில் எட்டு மணி நேரத்திற்குள் எழுந்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, அதனைக் குறிப்பேட்டின் முதல் வரியாக எழுதினோம்.

இந்த எண் இல்லாமல் குறிப்பேடு எழுதினால், பிரச்சினை வந்த நேரத்தில் பழைய மெஷினையே ரிப்பேர் செய்து பார்ப்போம் என்று அரை நாள் போய்விடும். எட்டு மணி நேரம்தான் என்றால், ஒரு மணி நேரத்திற்கு மேல் பழையதைத் தட்டிப் பார்க்கக் கூடாது என்ற விதி தானாக வந்துவிடுகிறது.

முதல் பக்கம்

முதல் பக்கத்தில் படிகள் கிடையாது. சர்வரில் என்ன சிஸ்டம், எந்த பதிப்பு, டேட்டா எத்தனை ஜிபி (இங்கே 180), நெட்வொர்க்கில் அதன் முகவரி 192.168.1.10, மாற்று கம்ப்யூட்டர் எந்த அறையில், இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவ் எந்த டிராயரில் என்பவை மட்டும். பேக்கப் டிஸ்க்குகளுக்கு `BACKUP-A`, `BACKUP-B` என்று பெயர் கொடுத்து, அதே பெயரை மார்க்கர் பேனாவால் மேலேயும் எழுதினோம்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் சற்று நிதானிக்க வேண்டும். ரெஸ்டிக் எடுக்கும் பேக்கப் பூட்டப்பட்டே இருக்கும். பாஸ்வேர்ட் தொலைந்தால் அதனை எழுதியவர்களாலும் திறக்க முடியாது. "மறந்துவிட்டேன்" என்று கிளிக் செய்ய எங்கும் பட்டன் இல்லை. இந்தக் கடையில் அந்த பாஸ்வேர்ட் ஒரு டெக்ஸ்ட் பைலில் இருந்தது. அந்த பைல் அதே சர்வரில் இருந்தது. பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான். இப்போது எல்லா பாஸ்வேர்ட்களும் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டு, ஒட்டிய கவரில், ஒன்று கடை லாக்கரிலும் ஒன்று முதலாளி வீட்டிலும் உள்ளன. குறிப்பேட்டில் பாஸ்வேர்ட் இருக்காது. "கவரில் 2ஆவது வரி" என்று மட்டும் இருக்கும். குறிப்பேடும் காகிதம்தான். சர்வர் படுத்திருக்கும்போது சர்வரில் இருக்கும் குறிப்பேட்டை யார் படிப்பது?

தொடங்கும் முன் ஒரு தடை

பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க்கை அழிக்கக் கூடாது. அதில் புதிய சிஸ்டத்தை இன்ஸ்டால் செய்யவும் கூடாது. கழற்றி, தேதி எழுதி ஒட்டி, தனியே வைத்துவிட வேண்டும். பேக்கப்பில் ஏதாவது ஒன்று குறைந்தால் கடைசி நம்பிக்கை அதுதான். சர்வர் நின்றதற்குக் காரணம் வைரஸோ, பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் புரோகிராமோ என்றால் இன்னொரு விதியும் உண்டு. எல்லா கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கில் இருந்து பிரிக்கும் வரை பேக்கப் டிஸ்க்கை எந்த மெஷினிலும் சொருகக் கூடாது. சொருகினால் பேக்கப்பும் போகலாம்.

படிகளும் அவற்றின் வரிசையும்

ஒவ்வொரு படியையும் மூன்று பகுதியாக எழுதினேன். என்ன செய்ய வேண்டும். செய்த பின் ஸ்கிரீனில் என்ன தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் என்ன செய்வது. மூன்றாவது பகுதியில் பல இடங்களில் "நிறுத்து, போன் செய்" என்றுதான் இருக்கிறது. அதில் தவறில்லை. தெரியாத இடத்தில் நின்று கொள்ளச் சொல்வதும் ஒரு படிதான்.

முதல் படியில், மாற்று கம்ப்யூட்டரில் டெபியனை இன்ஸ்டால் செய்கிறோம். இன்ஸ்டால் முடிந்ததும் தேவையான மூன்று புரோகிராம்களை ஏற்றுகிறோம்.

```
apt install mariadb-server samba restic
```

இதற்கு இன்டர்நெட் தேவை. எனவே மெஷின் நெட்வொர்க்கில் இருக்கும். ஆனால் இந்த நேரத்தில் பழைய முகவரியான 192.168.1.10ஐ இதற்குக் கொடுக்கக் கூடாது. ரவுட்டர் கொடுக்கும் ஏதோ ஒரு முகவரியில் இருக்கட்டும். பெயரும் `pudhusu` என்று புதிதாக இருக்கட்டும். இதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களும் 192.168.1.10 என்ற முகவரியைத்தான் தேடிக் கொண்டிருக்கின்றன. பாதி மீட்ட நிலையில் அந்த முகவரி உயிர் பெற்றால், கவுண்டரில் இருப்பவர் "ஆ, வந்துவிட்டது" என்று பில் போடத் தொடங்கிவிடுவார். அடுத்த அரை மணியில் நாம் டேட்டாபேஸை மறுபடி ஏற்றினால் அவர் போட்ட பில்கள் அழிந்துவிடும். வாடிக்கையாளர் கையில் பில் இருக்கும், கணக்கில் இருக்காது. அதே நம்பரில் வேறொருவருக்கு இன்னொரு பில் போகும். எனவே முகவரி கொடுப்பது கடைசிப் படி. கதவைத் திறப்பது போன்றது அது.

இரண்டாவது படி, யூசர்களை உருவாக்குவது. பைல்களைக் கொண்டு வருவதற்கு முன்பே இதனைச் செய்திட வேண்டும். இந்த வரிசைதான் பலருக்குப் புரிவதில்லை. லினக்ஸ் ஒரு பைல் யாருடையது என்பதைப் பெயராக வைத்துக் கொள்வதில்லை. ஒரு எண்ணாக வைத்துக் கொள்கிறது. பழைய சர்வரில் கணக்குப் பிரிவின் எண் 1001, பில் கவுண்டர் 1002, குடோன் 1003. புதிய மெஷினில் நீங்கள் யோசிக்காமல் குடோனை முதலில் உருவாக்கினால் அதற்கு 1001 கிடைக்கும். ரெஸ்டிக் பைல்களைப் பழைய எண்ணோடுதான் எடுத்து வைக்கும். உடனே கணக்குப் பிரிவின் பைல்கள் எல்லாம் குடோனுக்குச் சொந்தமாகிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மறுநாள் அக்கா தன் பைலைத் திறக்க முடியவில்லை என்பார். குடோன் பையன் சம்பளப் பட்டியலைப் பார்த்துக் கொண்டிருப்பார்! "பழையபடி செட் செய்யவும்" என்ற வரியை எடுத்துவிட்டு நான் எழுதியது இது:

```
groupadd -g 1100 office
useradd -M -u 1001 -G office kanakku
useradd -M -u 1002 -G office bill
useradd -M -u 1003 -G office godown
id kanakku
```

கடைசி வரிதான் சோதனை. ஸ்கிரீனில் `uid=1001(kanakku)` என்று வர வேண்டும். வேறு எண் வந்தால் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

மூன்றாவது படியில் பேக்கப் டிஸ்க்கைச் சொருகி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம்.

```
mkdir -p /mnt/backup
mount LABEL=BACKUP-A /mnt/backup
restic -r /mnt/backup/repo snapshots
```

கவரில் உள்ள பாஸ்வேர்டைக் கொடுத்தால், எந்தெந்த நாள் எடுத்த பேக்கப்புகள் உள்ளன என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றின் முன்னும் எட்டு எழுத்துகளில் ஒரு அடையாளம் இருக்கும். நேற்றைய தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரெஸ்டிக்கில் `latest` என்று சொன்னால் கடைசியாக எடுத்ததை அதுவே எடுத்துக் கொள்ளும். நான் அப்படி எழுதவில்லை. வைரஸ் செவ்வாய்க்கிழமை வந்து, வியாழக்கிழமை கண்டுபிடித்தோம் என்றால், கடைசியாக எடுத்த பேக்கப்பில் கெட்டுப் போன பைல்கள்தான் இருக்கும். எந்த நாளுக்குத் திரும்புவது என்பதை முதலாளி முடிவு செய்து, அந்த எட்டு எழுத்துகளைக் குறிப்பேட்டில் உள்ள கட்டத்தில் பேனாவால் எழுத வேண்டும். பின்னர்தான் அடுத்த கமாண்ட்:

```
restic -r /mnt/backup/repo restore 4f2a91c0 --target /restore
```

இங்கே `/restore` என்ற தனி போல்டருக்குள் கொண்டு வருவதைக் கவனியுங்கள். நேராக அதனதன் பழைய இடத்திலேயே கொட்டிவிட்டால் வேலை சுலபம் போலத் தோன்றும். ஆனால் பேக்கப்பில் பழைய சிஸ்டத்தின் செட்டிங்குகளும் உள்ளன. அவற்றில் `/etc/fstab` என்று ஒரு பைல். எந்த ஹார்ட் டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல் அது. பழைய டிஸ்க்கின் அடையாள எண் அதில் இருக்கும். அந்தப் பைல் புதிய மெஷினில் வந்து உட்கார்ந்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது இல்லாத டிஸ்க்கைத் தேடிக் கொண்டு சிஸ்டம் நின்றுவிடும். எனவே எல்லாவற்றையும் தனி அறையில் இறக்கி, வேண்டியதை மட்டும் எடுத்து வைக்கிறோம். பைல்களுக்கு இது போதும்:

```
mv /restore/srv/data /srv/
ls -ln /srv/data
find /srv/data -type f | wc -l
```

இரண்டாவது வரியில் 1001, 1002, 1003 என்ற எண்கள் சரியான போல்டர்களுக்கு எதிரே தெரிய வேண்டும். மூன்றாவது வரி மொத்தம் எத்தனை பைல்கள் என்று சொல்லும். தினமும் பேக்கப் முடிந்ததும் இந்த எண்ணிக்கையை ஒரு சிறிய பைலில் எழுதி பேக்கப்போடு சேர்க்கும்படி செய்திருக்கிறோம். இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான்காவது படி டேட்டாபேஸ். ஏற்றுவதற்கு முன், இரவில் எழுதப்பட்ட பைல் முழுமையானதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. மரியாடிபி தன் டேட்டாபேஸை வெளியே எழுதி முடித்ததும், கடைசி வரியில் முடிந்தது என்று தேதியோடு கையெழுத்துப் போடும்.

```
tail -n 1 /restore/srv/dump/billing.sql
```

`-- Dump completed on` என்று தொடங்கும் வரி வந்தால் பைல் முழுமை. நடுவில் டிஸ்க் நிறைந்துவிட்டாலோ கரண்ட் போனாலோ இந்த வரி இருக்காது. பைல் மட்டும் பெரிதாக, நல்ல பிள்ளை போல, போல்டரில் உட்கார்ந்திருக்கும். பைல் இருக்கிறது என்பது வேறு, பேக்கப் இருக்கிறது என்பது வேறு.

பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டிக் கொண்டதுண்டு. கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு எஞ்சினியர், துணை சர்வர் என்று நினைத்து, முக்கிய சர்வரின் டேட்டாபேஸ் போல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அதனை எடுக்கும் புரோகிராமின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப் போகாததால் பேக்கப்பே எடுக்கப்படாமல் இருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய ஈமெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. சுமார் ஆறு மணி நேரத்திற்கு முன் வேறு வேலைக்காக எடுத்த ஒரு நகல் இருந்ததால் தப்பித்தார்கள். அந்த நிறுவனமே இதனை வெளிப்படையாக எழுதியது. இதனால்தான் என் குறிப்பேட்டில் எதையாவது அழிக்கும் அல்லது மேலே எழுதும் ஒவ்வொரு படிக்கும் முன்னால் `hostname` என்று டைப் செய்யச் சொல்லியிருக்கிறேன். `pudhusu` என்று வந்தால் மட்டும் மேலே போகலாம்.

டேட்டாபேஸை ஏற்றும் கமாண்ட்கள் இரண்டே:

```
mariadb -e "CREATE DATABASE billing"
mariadb billing < /restore/srv/dump/billing.sql
```

இரண்டாவது முடிந்ததும் ஸ்கிரீனில் எதுவும் வராது. எதுவும் வராததுதான் நல்லது. `ERROR` என்று வந்தால் நிறுத்து, போன் செய்.

டேட்டா வந்துவிட்டது. ஆனால் பில் சாப்ட்வேரால் இன்னும் உள்ளே நுழைய முடியாது. அந்த ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுத்த பைலில், யார் யார் அதில் நுழையலாம் என்ற விவரம் இருக்காது. எனவே சாப்ட்வேருக்கான யூசரை நாமே உருவாக்கி, கவரில் உள்ள பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். இதோடும் முடியவில்லை. டெபியனில் மரியாடிபியைப் புதிதாக இன்ஸ்டால் செய்தால், அது தன் மெஷினுக்குள் இருந்து வரும் கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். `/etc/mysql/mariadb.conf.d/50-server.cnf` என்ற பைலில் `bind-address` என்ற வரி 127.0.0.1 என்று இருக்கும், அதனை 0.0.0.0 என்று மாற்றி மரியாடிபியை மீண்டும் ஸ்டார்ட் செய்திட வேண்டும். ஒத்திகையில் இந்த இடத்தில்தான் நாற்பது நிமிடம் போனது. சர்வரில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரி. கவுண்டர் கம்ப்யூட்டரில் இருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. அதனால் இந்தப் படியின் சோதனையை சர்வரில் செய்யக் கூடாது, இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்துதான் செய்ய வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

சம்பாவில் சொல்ல அதிகம் இல்லை. பழைய `smb.conf` பைலை `/restore` போல்டரில் இருந்து எடுத்து வைத்து, `testparm` என்று டைப் செய்தால் அதில் பிழை இருக்கிறதா என்று அதுவே சொல்லும். மூன்று யூசர்கள்தான் என்பதால் `smbpasswd -a kanakku` என்பது போல ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டைப் புதிதாகவே கொடுத்துவிடலாம்.

கணக்கு பார்ப்பவர் சொல்லட்டும்

இதுவரை செய்த சோதனைகள் எல்லாம் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னவை. கதவைத் திறக்கும் முன், வேலை தெரிந்த ஒரு மனிதர் பார்க்க வேண்டும். அக்கா தினமும் கடை மூடும்போது ஒரு நோட்டில் அன்றைய கடைசி பில் நம்பரையும் மொத்த விற்பனையையும் எழுதி வைப்பார். பல வருடப் பழக்கம் அது. சர்வருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதனாலேயே அது மிக நல்ல சோதனை. ஒரு லேப்டாப்பில் பில் சாப்ட்வேரைத் திறந்து, தற்காலிக முகவரியைக் கொடுத்து, நேற்றைய கடைசி பில்லை எடுக்கிறார். நம்பரும் தொகையும் நோட்டோடு ஒத்துப் போக வேண்டும். பின்னர் தானே தேர்ந்தெடுத்த மூன்று பழைய பில்கள், ஒரு ஸ்கேன் பைல். ஸ்கேன் பைல் பட்டியலில் தெரிந்தால் போதாது. திறந்து படிக்க முடிய வேண்டும். எல்லாம் சரி என்றால் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்து இல்லாமல் அடுத்த படி கிடையாது. முதலாளியே அவசரப்படுத்தினாலும் கிடையாது என்று முதலாளியே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அதன் பின்தான் பழைய முகவரி. முதலில் வேறொரு கம்ப்யூட்டரில் இருந்து `ping 192.168.1.10` கொடுத்துப் பார்க்க வேண்டும். பதில் வரக் கூடாது. வந்தால், யாரோ பழைய சர்வரை ஆன் செய்திருக்கிறார்கள், அல்லது வேறு ஏதோ கருவிக்கு ரவுட்டர் அந்த முகவரியைக் கொடுத்துவிட்டது என்று பொருள். ஒரே முகவரியில் இரண்டு மெஷின்கள் இருந்தால் சில கம்ப்யூட்டர்களுக்கு வேலை செய்யும், சிலவற்றுக்குச் செய்யாது; காரணம் தெரியாமல் மண்டை காயும். பதில் வரவில்லை என்றால் `/etc/network/interfaces` பைலில் முகவரியைக் கொடுக்கலாம். இதில் பழைய பைலை அப்படியே காப்பி செய்ய முடியாது. நெட்வொர்க் கார்டின் பெயர் ஒரு மெஷினில் `enp3s0` என்றும் இன்னொன்றில் `eno1` என்றும் இருக்கும். `ip a` கொடுத்து இந்த மெஷினில் என்ன பெயர் என்று பார்த்து எழுத வேண்டும். பில் கவுண்டர் ஒன்று மட்டும் முதலில் பில் போட்டுப் பார்க்கும். நம்பர் தொடர்ச்சியாக வந்தால் மற்றவர்களை அழைக்கலாம்.

கடைசியாக ஒன்று மறந்து போகும். புதிய மெஷினில் இரவு பேக்கப்பை யாரும் இன்னும் தொடங்கவில்லை! அன்று இரவே தொடங்க வேண்டும். அதுவும் மற்ற டிஸ்க்கில், அதாவது `BACKUP-B`யில். நாம் மீட்க உதவிய டிஸ்க்கில் ஒரு வாரத்திற்கு எதையும் எழுதாமல் அப்படியே வைத்திருப்பது நல்லது.

ஒத்திகை

குறிப்பேட்டை மேஜையில் உட்கார்ந்து எழுத முடியாது. நான் எழுதியதும் அப்படி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் ஒரு லேப்டாப்பையும் தனியாக ஒரு சிறிய ரவுட்டரில் இணைத்து, அந்த ஐந்து வரிக் குறிப்பை வைத்து மீட்கத் தொடங்கினோம். தனி ரவுட்டர் முக்கியம். கடை நெட்வொர்க்கில் ஒத்திகை பார்த்தால், கடைசியில் முகவரி கொடுக்கும்போது உண்மையான சர்வரோடு மோதும். செய்தவர் பில் போடும் தம்பி. எனக்கு வேலை ஒன்றுதான்: அவர் நின்ற இடங்களையும் கேட்ட கேள்விகளையும் நேரத்தோடு எழுதிக் கொள்வது. மாலைக்குள் ஏழு பக்கம் சேர்ந்தது. அவற்றை வரிசைப்படுத்தியதுதான் குறிப்பேடு.

மூன்று வாரம் கழித்து, அதே கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டு, குறிப்பேட்டை மட்டும் கையில் கொடுத்து மறுபடி செய்யச் சொன்னோம். நான் கீழே கடையில் உட்கார்ந்திருந்தேன். 5 மணி 20 நிமிடம் ஆனது. அதில் டேட்டா இறங்கியது 1 மணி 10 நிமிடம்தான். ஒரு யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி கொடுத்தால் 180 ஜிபிக்கு அரை மணிதான் ஆக வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான சிறிய ஸ்கேன் பைல்கள் இருந்தால் அந்த வேகம் கிடைக்காது. இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவ் டிராயரில் இல்லாமல் 35 நிமிடம் தேடினார். யாரோ அதில் படம் காப்பி செய்து வீட்டுக்குக் கொண்டு போயிருந்தார்கள். இப்போது அது பாஸ்வேர்ட் கவருக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு படிக்கும் எதிரே ஆன நேரத்தையும் எழுதியிருக்கிறோம். நிஜமாகவே சர்வர் போகும் நாளில், மூன்றாவது படி முடிய எத்தனை மணி ஆகும் என்று முதலாளி கேட்டால் தம்பி காகிதத்தைப் பார்த்துப் பதில் சொல்லலாம். ஒத்திகை ஆறு மாதத்திற்கு ஒரு முறை. அதற்கிடையே மாதம் ஒரு முறை, ஒரு சனிக்கிழமை டிஸ்க் மாற்றும்போது, டிஸ்க்கில் உள்ளதை முழுவதும் படித்துச் சரிபார்க்கும் கமாண்ட்:

```
restic -r /mnt/backup/repo check --read-data
```

`no errors were found` என்று வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த டிஸ்க்கை அன்றே மாற்ற வேண்டும்.

சர்வரில் ஏதாவது மாறினால் குறிப்பேடும் மாற வேண்டும். புதிய ஆள் வேலைக்குச் சேர்ந்தால் 1004 என்று ஒரு வரி கூடும். பில் சாப்ட்வேரின் பாஸ்வேர்ட் மாறினால் கவரும் மாறும். கடையில் இரண்டு பிரதிகள் சுற்றினால் எது புதியது என்ற குழப்பம் வரும் என்பதால், ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அச்சடித்த தேதி இருக்கிறது. பழைய பிரதியைக் கிழித்துப் போட்ட பிறகுதான் புதியது பைலில் ஏறும். அதனை அக்கா பார்த்துக் கொள்கிறார்.